பிறந்த தேதி

புதிய ஆண்ட்ராய்டு போனைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆன் செய்தால், மொழியையும் வைஃபையையும் கேட்டு முடித்த கையோடு அது கூகுள் கணக்கைக் கேட்கும். கணக்கு இல்லாதவர் புதிதாகத் தொடங்க வேண்டும். பெயரை எழுதி முடித்ததும் பிறந்த தேதி. இந்தியாவில் 13 வயது நிறையாத பிள்ளை தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. தேதியை உள்ளபடி போட்டால், பெற்றோர் ஒருவர் தன் கணக்கோடு வந்து ஒப்புதல் தர வேண்டும் என்று போன் சொல்லும். ஆண்டை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டால் ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே விட்டுவிடும். எனக்குத் தெரிந்த வீடுகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இரண்டாவதுதான். ஆண்டைத் தள்ளியவர்களும் பிள்ளைகள் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவோ அம்மாவோதான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரம் தவிர அவர்கள் மனதில் வேறு எதுவும் இருந்திருக்காது. வருகிற ஆகஸ்டில் என் மகளுக்குப் பதினொன்று நிறைகிறது. அவளுடைய மாமா, என் தம்பி, பிறந்தநாளுக்குப் போன் வாங்கித் தருவதாக அவளிடமே சொல்லிவிட்டான். போன் நல்லதா கெட்டதா என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அந்த ஒரு திரை நினைவில் வந்துகொண்டே இருக்கிறது. பிறந்தநாளுக்கென்று கொடுக்கும் ஒரு பொருள், பிறந்தநாளைப் பற்றிய பொய்யோடுதான் வேலை செய்யத் தொடங்கும் என்றால் அதை அவள் கையில் எந்த முகத்தோடு கொடுப்பது?

சின்னப் பொய்தானே என்று தோன்றும். சின்னது இல்லை, ஏனென்றால் அது வளரும். என் மகள் 2015இல் பிறந்தவள். 2013 என்று போட்டால் பிறந்தநாளன்றே வாசல் திறந்துவிடும். ஆனால் அந்த இரண்டு ஆண்டு வித்தியாசம் அவளோடேயே வரும். உண்மையில் பதினாறு ஆகும்போது அந்தக் கணக்கின் பார்வையில் அவள் பதினெட்டு நிறைந்தவள். பெரும்பாலான பிள்ளைகள் அவ்வளவு கணக்குப் பார்ப்பதும் இல்லை. ஆண்டுகள் உருளும் அந்தப் பட்டியலை விரலால் ஒரு தள்ளு தள்ளி, நிற்கிற இடத்தில், 2000 என்றோ 1998 என்றோ விட்டுவிடுகிறார்கள். அந்த நொடியிலிருந்து அந்தப் பிள்ளை இருபத்தைந்தைத் தாண்டிய பெண். இன்ஸ்டாகிராம் 2024இல் பதின்வயதினருக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. அதில் கணக்கு தானாகவே மூடியிருக்கும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, சில வகைப் படங்கள் வடிகட்டப்படும். இந்தப் பாதுகாப்பு போதுமா என்பது வேறு பேச்சு. ஆனால் அது முதலில் பார்ப்பது, நாம் கொடுத்த பிறந்த ஆண்டை. அதனால் பதினொரு வயதில் போட்ட பொய், பதினான்கு வயதில் அவளுக்குக் கிடைக்க வேண்டிய காவலையும் முன்கூட்டியே எடுத்துவிடுகிறது. அப்போது ஏதாவது நடந்து, யாரிடமாவது முறையிடப் போனால், தன் வயதைத் தானே மறுத்துவிட்டுத்தான் முறையிட வேண்டும். அந்தத் தயக்கமே ஒரு பிள்ளையை வாய் மூட வைக்கப் போதும்.

பிள்ளைக்கென்று போன் வாங்காத வீடுகளிலும் இதே சிக்கல் வேறு வழியில் வருகிறது. அப்பா புதுப் போன் வாங்குவார், பழையது பிள்ளைக்கு வரும். கண்ணாடியின் ஓரத்தில் விரிசல் விட்ட, சார்ஜ் அரை நாள்கூட நிற்காத அந்தப் போனில் அப்பாவின் கணக்கு அப்படியே இருக்கும். யூடியூபுக்கு அது நாற்பத்திரண்டு வயது ஆள். இரவு பத்து மணிக்கு அந்த ஆளுக்கு எது பிடிக்கும் என்று பல ஆண்டுகளாகப் பழகிவைத்திருப்பதை அது பிள்ளையின் முன்னால் வரிசையாக வைக்கும். பிளே ஸ்டோரில் அப்பாவின் கார்டு சேர்ந்திருக்கும். போட்டோக்களில் அலுவலகக் காகிதங்கள் இருக்கும். சிம்மை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். போனை முழுவதுமாக அழித்து, பிள்ளையின் பெயரில் உண்மைத் தேதியோடு மறுபடி தொடங்காதவரை அது அப்பாவின் போன்தான். எதிர்வீட்டு அக்காவின் பையன் ஒரு விடுமுறை முழுக்க இப்படித் தன் அப்பாவாக இருந்து வீடியோ பார்த்திருக்கிறான். அவன் எதையும் தேடிப் போகவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வந்தது, பார்த்தான், அவ்வளவுதான். விடுமுறை முடிந்த பிறகு அவன் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை என்று அக்கா சொன்னபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

சரி, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமே என்றால் அதுவும் நேர்மையாக இல்லை. அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் பள்ளி விட்டு, டவுன் பஸ் ஏறி வண்ணாரப்பேட்டையில் டியூஷன் போய், இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்புகிறாள். அவள் வயதில் எங்கள் வீட்டில் ஹாலில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. அது யாருடையதும் அல்ல, வீட்டினுடையது. மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். யார் பேசுவது, யாரைக் கூப்பிட வேண்டும், என்ன சொல்லி வைக்க வேண்டும் என்றெல்லாம் எட்டு வயதிலேயே எங்களுக்குப் பழகிவிட்டது. பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். இன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு போன் உண்டு, இரண்டும் ஆளுக்கு ஒன்றாகப் பூட்டு போட்டவை. நாங்கள் இருவரும் வெளியே போய்விட்டால், ஆச்சிக்குத் துணையாக வீட்டில் இருக்கும் மகளுக்கு யாரையும் கூப்பிட வழியே இல்லை. போன் கேட்கிற பிள்ளையை ஆசை பிடித்தவள் என்று சொல்வதற்கு முன்னால், பிள்ளைகளுக்கும் சேர்த்து இருந்த ஒரு போனை நாம்தான் வீட்டிலிருந்து எடுத்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தயாராக இருக்கிறாளா என்று எதை வைத்துப் பார்ப்பது? பொறுப்பான பிள்ளையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் பஸ் மாறி ஏறிவிட்டாள். நெரிசலில் போர்டு தெரியவில்லை. ஜங்ஷன் பக்கம் திரும்பியதும்தான் தெரிந்திருக்கிறது. கண்டக்டரிடம் சொல்லி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, விளக்கு நன்றாக எரியும் ஒரு மருந்துக்கடையாகப் பார்த்து உள்ளே போய், கவுன்டரில் இருந்த பெண்மணியிடம், "அக்கா, எங்க அம்மாவுக்கு ஒரு போன் போடணும், நம்பர் எனக்குத் தெரியும்" என்று கேட்டிருக்கிறாள். நான் போய்ச் சேரும்போது நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே என் கணவர், "கையில ஒரு போன் இருந்தா இந்தப் பாடு உண்டா?" என்றார். எனக்கு அதே நிகழ்ச்சி வேறு மாதிரிப் பட்டது. என் எண் அவளுக்கு மனப்பாடம். யாரிடம் உதவி கேட்கலாம் என்று ஆள் பார்க்கத் தெரிகிறது. கூச்சப்படாமல் கேட்கிறாள். இந்த மூன்றும் போன் இல்லாததால் வந்தவை. போன் கைக்கு வந்த பிறகும் அவை தங்குமா என்பது எனக்குச் சந்தேகம். என் தம்பிக்குத் தன் மனைவியின் எண் இன்றுவரை தெரியாது. சார்ஜ் தீர்ந்துபோன ஒரு மாலையில் அவள் மறுபடியும் அந்த மருந்துக்கடையில் போய் நிற்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும்.

ஆனால் பஸ் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருந்த அதே பெண், சில வாரங்கள் கழித்து என்னிடம் ஒன்றை மறைத்தாள். அவள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, வீட்டுப்பாடம் அதில்தான் வரும். 13 வயதுக்குக் குறைந்தவர் தாமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வாட்ஸ்அப்பின் விதி இடம் தராததால் குழுவில் இருப்பதெல்லாம் அம்மாக்களின் எண்கள். பிள்ளைகள் அந்த எண்களை வைத்தே தங்களுக்கென்று இன்னொரு குழு தொடங்கிக்கொண்டார்கள். என்னைக் கேட்காமல் என் எண் அதில் சேர்ந்துவிட்டது. தனியுரிமை அமைப்பில் குழுவில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் நாம் மாற்றாதவரை எல்லோரும் என்றுதான் இருக்கும். அதை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்போம்? அந்தக் குழுவில் ஒரு மாலை, வகுப்பில் கொஞ்சம் பருமனான ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்து, அதன் மேல் ஏதோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு. என் மகள் சிரிக்கவில்லை. கண்டிக்கவும் இல்லை. நான் பார்த்துவிடக் கூடாது என்று என் போனிலிருந்து மட்டும் அதை அழித்துவிட்டு, வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மகளிடம் கேட்டேன். திட்டவில்லை, கேட்கத்தான் செய்தேன். அவள் சொன்ன பதில் இது: "சொன்னா நீங்க இனிமே போனத் தொடவே கூடாதும்பீங்க. அதான் சொல்லல." அந்தப் பெண்ணுக்கு நடந்தது தப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அது தெரியாததால் அவள் மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் பறிபோவது போன்தான் என்பது அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சோற்றைச் சிந்தினாலும் போனை வாங்கி வை, மார்க் குறைந்தாலும் வாங்கி வை, தாத்தாவை எதிர்த்துப் பேசினாலும் வாங்கி வை. அப்படியே பழக்கிவிட்டு, நாளைக்கு யாராவது முன்பின் தெரியாத ஒருவன் படம் அனுப்பச் சொல்லி மிரட்டினால் அவள் நேராக என்னிடம் ஓடிவருவாள் என்று எதை நம்பி எதிர்பார்ப்பது? பிள்ளைகளை இணையத்தில் மிரட்டுகிறவர்கள் நம்பியிருப்பதே இந்தப் பயத்தைத்தான். அம்மாவிடம் சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள், போனைப் பிடுங்குவார்கள் என்று அவர்கள் முதலிலேயே சொல்லி வைக்கிறார்கள். அது உண்மையாக இருக்கும் வீட்டில் அவர்களுக்கு வேலை சுலபம். ஆகவே நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியில் பாதி அவளைப் பற்றியதே அல்ல. சங்கடமான ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிற பிள்ளைக்குத் தண்டனை தராமல் இருக்க நாங்கள் தயாரா என்பதுதான் அந்தப் பாதி. அன்றிலிருந்து வீட்டில் போனைத் தண்டனைக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. கையில் இருந்த ஒரே கயிற்றையும் விட்டுவிட்டாய் என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, சில மாலைகளில் எனக்கும் கை பரபரக்கிறது. ஆனாலும் கொஞ்ச நாளில் ஒரு மாற்றம் தெரிந்தது. யூடியூபில் தற்செயலாக வந்த ஒரு வீடியோவைப் பாதியில் நிறுத்தி, "அம்மா, இது என்னமோ மாதிரி இருக்கு" என்று அடுப்படிக்கே தூக்கிக்கொண்டு வந்தாள். வயதைவிட, மதிப்பெண்ணைவிட எனக்கு அந்த ஒரு வரவு பெரிதாகப் படுகிறது.

கண்காணிப்புச் செயலி போட்டுவிட்டால் போதுமே என்பார்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க்கை நானே என் போனில் அமைத்துப் பார்த்தேன். உண்மையான தேதியைப் போட்டால் கிடைப்பது அதுதான். பிள்ளை எந்தச் செயலியை இறக்க நினைத்தாலும் என் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று வைக்கலாம். போன் இருக்கும் இடம் வரைபடத்தில் தெரியும், அதுவும் போன் ஆனில் இருந்து நெட் கிடைத்தால். யூடியூபை 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல் என்று படிப்படியாகத் திறக்கலாம். நல்ல கருவிதான், அதை வைத்துக்கொள்ளப் போகிறேன். ஆனால் அது காட்டுவது செயலியையும் நேரத்தையும் மட்டும். வாட்ஸ்அப்பை நான் ஒருமுறை அனுமதித்துவிட்டால் அதற்குள் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது அதற்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் தோழியின் போனில் என்ன ஓடுகிறது என்பதும் தெரியாது. வகுப்புக் குழுவில் நடந்ததை எந்தப் பூட்டும் தடுத்திருக்காது, நேர வரம்புக்குள்தான் அது நடந்தது. சட்டங்களும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சொல்லிவிட்டது. நம் நாட்டில் 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்றே கொண்டு, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அந்த ஒப்புதலைத் தரப்போகிறவர்கள், அவசரத்தில் ஆண்டைப் பின்னால் தள்ளிவிடும் நாம்தான்.

கீபேடு போன் ஒன்றை வாங்கிக் கொடுத்து முடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். பேசலாம், மெசேஜ் அனுப்பலாம், கீழே விழுந்தாலும் உடையாது. இப்போது வரும் சில 4ஜி கீபேடு போன்களில் யூபிஐயும் வீடியோ பார்க்கும் வசதியும்கூட வந்துவிட்டதால் கடையில் கேட்டு வாங்க வேண்டும். எந்தப் போனாக இருந்தாலும் சிம் வேண்டும், 18 வயது நிறையாதவர் பெயரில் சிம் தர மாட்டார்கள். அதனால் என் பெயரில் ஒரு புது எண் எடுத்து, வங்கி, ஆதார் எதோடும் சேர்க்காமல், முதலில் என்னிடமே வைத்துக்கொண்டேன். அது நல்லதாகப் போயிற்று. புது எண் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வேறொருவர் விட்டுப்போன எண். நின்றுபோன எண்ணை 90 நாள் கழித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். போட்ட மறுநாளே ஒருவன் கூப்பிட்டு, முன்பு அந்த எண்ணை வைத்திருந்தவர் வாங்கிய கடனுக்காக, எடுத்த எடுப்பிலேயே கெட்ட வார்த்தையில் தொடங்கினான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "ஏட்டி, இத பிள்ள எடுத்திருந்தா என்ன செஞ்சிருக்கும்?" என்றாள். அந்த எண்ணை விட்டுவிட்டு வேறு எடுத்தோம். எண் வாங்கியதும் வாட்ஸ்அப்பில் தேடிப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவரின் படத்தோடு கணக்கு ஏதும் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் பழைய ஆள் இன்னும் அதில் இருக்கிறார் என்று பொருள். எப்படியும் சில வாரங்கள் பெரியவர் ஒருவர் கையில் இருந்த பிறகே எண் பிள்ளையிடம் போக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் என்னைத் தயங்கவைப்பது போன் அல்ல, பரிசு. பரிசாகக் கொடுத்தால் அது அவளுடையது. வண்ணக் காகிதம் சுற்றி, கேக் வெட்டி, எல்லோரும் கைதட்ட மாமா கையில் வாங்கியதை இரவு ஒன்பது மணிக்கு ஹால் அலமாரியில் வை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், வருவது நியாயமும்கூட. என் பொருளை நீ ஏன் பார்க்கிறாய் என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதினொரு வயதில் போன் கொஞ்சம் கொஞ்சமாகக் கையளிக்க வேண்டிய ஒன்று. முதலில் பேச மட்டும், பிறகு பாட்டு, பிறகு தோழியோடு வாட்ஸ்அப், அதுவும் வயது வந்த பிறகு. ஒரு நாளில் மொத்தமாகக் கொடுத்து, மறுநாளிலிருந்து பாதியைத் திரும்பப் பிடுங்குகிற வேலையைப் பிறந்தநாள் நம் தலையில் கட்டிவிடுகிறது. தம்பியிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு முதலில் வருத்தம். மருமகளுக்கு ஆசையாகச் செய்வதை அக்கா கெடுக்கிறாள் என்று நினைத்தான். பிறகு சைக்கிள் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டான். கியர் வைத்தது வேண்டும் என்று அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாளாம்.

போன் வேறொரு சாதாரண நாளில் வரும், வீட்டுப் போனாக. ஹால் அலமாரியில் சார்ஜரோடு இருக்கும், பூட்டு கிடையாது. ஆச்சி தங்கைக்குப் பேசவும் அதுதான், மகள் டியூஷனுக்கு எடுத்துப் போவதும் அதுதான், திரும்பி வந்ததும் அது அலமாரிக்குப் போகும். அதில் வாட்ஸ்அப் இருக்காது. "அப்ப அது என் போன் இல்லியா?" என்று மகள் கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வகுப்பில் பாதிப் பேரிடம் சொந்தப் போன் இருக்கிறது என்பதும், தோழிகளின் பேச்சில் அவள் விடுபட்டுப்போகிறாள் என்பதும் உண்மை. அதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தோழிகளை வீட்டுக்கு அழைத்துக்கொள்வதோடு என் பங்கு நின்றுவிடுகிறது. பதின்மூன்று நிறையும்போது மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துத்தான் முடிவு.

பள்ளிகளிடம் ஒன்று கேட்க வேண்டும். மாணவர் போன் கொண்டுவரக் கூடாது என்று ஒரு கையால் சுற்றறிக்கை அனுப்பிவிட்டு, அன்றன்றைய வீட்டுப்பாடத்தை இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறீர்கள். எங்களைப் போன்ற பல வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை நாள்தோறும் போனைக் கையில் எடுக்கும் முதல் காரணம் அதுதான். கடைசிப் பீரியடில் பத்து நிமிடம் ஒதுக்கி, கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை அவரவர் டைரியில் எழுதிக்கொள்ள விடுங்கள்.